தனுஷ்கோடிக்குப் போனதை இரண்டே வரியில் எழுதுவது எப்படி?

தனுஷ்கோடிக்குப் போய்வந்த ஒருவர் அரிச்சல்முனையில் எடுத்த படத்தின் கீழே, "வாழ்நாள் கனவு நிறைவேறியது! மறக்கவே முடியாத சூரியோதயம். இந்த ஆண்டில் இது எனக்கு ஐந்தாவது பயணம்" என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் மனதில் இருப்பது சந்தோஷம்தான். படிப்பவருக்கோ அது பெருமையடிப்பாகத் தெரிகிறது. இந்த இடைவெளியை ஐரீன் ஸ்கோபெல்லிட்டியும் சக ஆய்வாளர்களும் 2015இல் ஆராய்ந்தார்கள். தன் பெருமையைச் சொல்பவர்கள், கேட்பவரும் தங்களோடு சேர்ந்து மகிழ்வார் என்று அளவுக்கு மீறி எதிர்பார்க்கிறார்கள். அவருக்கு வரும் எரிச்சலைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். நம் உற்சாகத்திலேயே நாம் மூழ்கியிருப்பதால் அது இல்லாதவரின் மனநிலை எட்டுவதில்லை. எழுதிய கையோடு நமக்குச் சரியாகத் தோன்றுவதை வைத்து முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

அப்படியானால் அடக்கமாக எழுதிவிடலாமே என்று கேட்கலாம். "ஐயோ, ஊர் ஊராகச் சுற்றி உடம்பே தாங்கவில்லை!" என்பது அந்த வகை. இது இன்னும் மோசம். புலம்பலுக்குள் பெருமையை ஒளித்துச் சொல்பவரைவிட, நேரடியாகப் பெருமை பேசுபவரையே மக்கள் அதிகம் விரும்புகிறார்கள் என்று ஓவல் செசர், பிரான்செஸ்கா ஜினோ, மைக்கேல் நார்ட்டன் மூவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஒளித்துச் சொல்பவரிடம் உண்மை இல்லை என்று தோன்றிவிடுவதே காரணம்.

எனக்கு முக்கியமாகப் படுவது 2017இல் கஸ் கூனி, டேனியல் கில்பர்ட், திமோத்தி வில்சன் கண்டது. கேட்பவர்கள் தாங்கள் அறியாத புதுமையைக் கேட்கவே விரும்புவார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் ஏற்கெனவே அறிந்ததைப் பற்றிய பேச்சைத்தான் கேட்பவர்கள் கூடுதலாக ரசித்தார்கள். எந்த வருணனையிலும் ஓட்டைகள் இருக்கும். அனுபவம் உள்ளவர் அவற்றைத் தானே நிரப்பிக்கொள்வார், இல்லாதவர் திணறுவார். இரண்டு வரிக் குறிப்பில் ஓட்டைகளே அதிகம். "மறக்க முடியாத சூரியோதயம்" என்பதில் நிரப்பிக்கொள்ள ஒன்றுமே இல்லை. ஆகவே போகாதவரும் அறிந்த ஏதாவதொன்றை அந்த ஊருக்குள் வைக்க வேண்டும்:

"அரிச்சல்முனைக் காற்றில் மாங்காய்க்கு மிளகாய்ப்பொடி கேட்காதீர்கள். பொடி முழுவதும் பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்குப் போய்விடும்."

இதில் 'நான்' இல்லை, பயணக் கணக்கும் இல்லை. கடலைப் படமே காட்டிவிடுகிறது. படத்தில் தெரியாத காற்றை மட்டும் வரி சொல்கிறது. மாங்காயும் மிளகாய்ப்பொடியும் யாருக்கும் தெரிந்தவை என்பதால், காற்றின் வேகம் உடனே பிடிபடுகிறது. இன்ஸ்டாகிராம் 2200 எழுத்துகள்வரை இடம் தந்தாலும் திரையில் முதல் ஓரிரு வரிகளே தெரியும், மிச்சம் மடிந்துவிடும். அதனால் காட்சி முதல் வரியிலேயே வந்தாக வேண்டும்.

சந்தோஷத்தைச் சொல்லவே கூடாதா என்றால், தாராளமாகச் சொல்லலாம். இந்த ஆய்வுகள் பயணக் குறிப்புகளை மட்டும் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. நெருங்கிய நண்பர்கள் நமக்காக மகிழவே செய்வார்கள். மிளகாய்ப்பொடி பறக்காத பயணத்தில் பறந்ததாக எழுதுவதைவிட, "முதல்முறை இரண்டு கடலையும் ஒரே இடத்தில் நின்று பார்த்தேன், துள்ளிக் குதித்தேன்" என்று எழுதுவது நூறு மடங்கு மேல்.