பாதி வழியில் தொலைந்துபோகும் ஒளி

1845-ல் ஜான் ஹெர்ஷல் ஒரு குவினைன் கரைசலை வெயிலில் வைத்துப் பார்த்தார். தண்ணீர்போல் நிறமற்றிருந்த கரைசலில், வெயில் விழும் பக்கத்து மேற்பரப்பில் மட்டும் மெல்லிய நீலப் படலம் மின்னியது. உள்ளே போகப்போக நீலம் இல்லை. ஒளிரச் செய்யும் புற ஊதாக் கதிர்களை முன்வரிசை மூலக்கூறுகளே விழுங்கிவிட, பின்னால் இருந்தவற்றுக்கு எதுவும் மிஞ்சவில்லை. இப்படி ஒளிரும் பண்புக்கு 1852-ல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் ‘ஃப்ளோரசன்ஸ்’ என்று பெயரிட்டார். ஹெர்ஷல் கண்ட அந்தப் படலம் இன்றும் புரத ஆய்வாளர்களை ஏமாற்றிக்கொண்டிருக்கிறது.

புரதங்களும் ஒளிரும். அதற்குப் பெரும்பாலும் காரணம் ட்ரிப்டோஃபான் என்னும் அமினோ அமிலம். நம் ரத்தத்திலுள்ள அல்புமினில் 585 அமினோ அமிலங்கள் உண்டு. அவற்றில் ட்ரிப்டோஃபான் ஒன்றே ஒன்று, 214-வது இடத்தில். 295 நானோமீட்டர் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால் டைரோசின் ஏறக்குறைய சும்மா இருக்கும்; ட்ரிப்டோஃபான் மட்டும் ஒளிரும்.

எந்த அலைநீளத்தில் ஒளிர்கிறது என்பதில்தான் சேதி இருக்கிறது. ஒளியை வாங்கிய ட்ரிப்டோஃபானின் மின்னூட்டப் பரவல் மாறுகிறது. பக்கத்தில் நீர் மூலக்கூறுகள் இருந்தால், சில நானோவினாடிக்குள் அவை அதற்கேற்பத் திரும்பிக்கொள்ளும். அதில் ஆற்றல் கொஞ்சம் குறைவதால், வெளிவரும் ஒளி 350 நானோமீட்டர் பக்கம் நீள்கிறது. புரதத்தின் எண்ணெய்த்தன்மையான மடிப்புக்குள் புதைந்திருந்தால் 330 பக்கம் நிற்கும். அசூரின் என்ற பாக்டீரியப் புரதத்தில் 308 வரைகூடக் குறுகும். யூரியா ஊற்றிப் புரதத்தைப் பிரித்துவிட்டால் முகடு 350-ஐ நோக்கி நகரும். மடிப்பு குலைந்தது என்று அர்த்தம்.

இதை நம்பித்தான், ஒரு மருந்து அல்புமினில் ஒட்டுகிறதா என்று பார்க்கிறார்கள். வெங்காயத்தில் உள்ள மஞ்சள் நிறப் பொருளான குவெர்செட்டினை எடுத்துக்கொள்வோம். அல்புமின் கரைசலில் அதைச் சேர்க்கச் சேர்க்க ஒளிர்வு குறையும். ஒட்டுவதாலும் குறையும், குவெர்செட்டினே ஒளியைத் தின்பதாலும் குறையும். இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

கருவி ஒளிர்வைப் பார்ப்பது ஒரு சென்டிமீட்டர் குவெட்டின் நடுப்பகுதியை. உள்ளே வரும் ஒளிக்கும் வெளியேறும் ஒளிக்கும் தலா அரை சென்டிமீட்டர் பாதை. ஆகவே இரண்டு அலைநீளங்களிலும் கரைசல் எவ்வளவு ஒளியை உட்கவர்கிறது என்பதைத் தனியாக அளந்து, அதன் பாதியைக் கணக்கில் சேர்க்கிறார்கள்:

F_corr = F_obs × 10^((A_ex + A_em)/2)

எண்களை வைத்துப் பார்ப்போம். முதலில் ஒளிர்வு 100. குவெர்செட்டின் சேர்த்தபின் 40. சேர்த்ததால் உட்கவர்வு 295-ல் 0.2, 345-ல் 0.3 கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 0.5, பாதி 0.25, பெருக்க வேண்டிய எண் 1.78. திருத்திய ஒளிர்வு 71. உண்மையான குறைவு 29 மட்டுமே. மீதி 31 வழியில் தொலைந்த ஒளி. திருத்தாமல் கணக்கிட்டால், பிணைப்பு இருப்பதைவிட மிக வலுவானதாகத் தெரியும்.

இதைவிட நுட்பமான ஏமாற்றம் ஒன்று உண்டு. குவெர்செட்டின் 330-ஐவிட 370-க்கு அருகில் அதிகம் தின்னும். ஒளிர்வு மேட்டின் நீண்ட அலைப்பக்கம் கூடுதலாக அரிக்கப்பட்டு, முகடு குறுகிய பக்கம் சரியும். புரதத்தில் எதுவும் நடக்காமலே, ட்ரிப்டோஃபான் எண்ணெய்ப் பகுதிக்குள் போய்விட்டது என்று நாம் எழுதிவிடுவோம். முகட்டை மட்டும் திருத்தினால் போதாது என்பது இதனால்தான்; A_em-ஐ ஒவ்வொரு அலைநீளத்திலும் வைத்து, முழு வரைகோட்டையும் திருத்த வேண்டும்.

திருத்தம் சரிதானா என்று சோதிக்க ஒரு எளிய வழி: அல்புமினுக்குப் பதில், மடிப்பே இல்லாத ட்ரிப்டோஃபான் உறவான N-அசெட்டைல் ட்ரிப்டோஃபானமைடைக் கரைத்து, அதே அளவு குவெர்செட்டினைச் சேர்ப்பார்கள். ஒட்டுவதற்கு அங்கே புரதமில்லை. திருத்தியபின் ஒளிர்வு பழைய அளவுக்கே திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் கணக்கில் பிழை.

சூத்திரத்துக்கும் எல்லை உண்டு. உட்கவர்வு 2 ஆனால் நடுப்பகுதிக்குப் பத்தில் ஒரு பங்கு ஒளிதான் போய்ச் சேரும். அந்த மிச்சத்தைப் பெருக்கினால் பிழையும் சேர்ந்து பெருகும். புரதம் மட்டுமே அடர்த்தியாக இருந்தாலும் இதே கதைதான்: அளவை இரட்டிப்பாக்கியும் ஒளிர்வு இறங்கினால், அதுவே அடையாளம். அப்போது நீர்த்துப் பார்க்க வேண்டும், அல்லது குறுகிய குவெட்டுக்கு மாற வேண்டும். நீர்க்கவே முடியாத கரைசல் என்றால், ஒளி விழும் முகப்பிலிருந்தே அளக்க வேண்டும். ஹெர்ஷலின் நீலப் படலம் இருந்த இடமும் அதுதான்.