வீட்டுச் செலவையும் கழித்துப் பார்த்தீர்களா?

திருப்பூரில் ஜாப் ஒர்க் செய்யும் ஒரு சிறிய தையல் யூனிட்டை எடுத்துக்கொள்வோம். ஓவர்லாக், பிளாட்லாக் மெஷின்கள் வாங்க உரிமையாளருக்கு 20 லட்சம் ரூபாய் கடன் வேண்டும். வட்டி 12 சதவீதம், ஐந்து ஆண்டுத் தவணை. மாதம் 44,489 ரூபாய் கட்ட வேண்டும். ஆண்டுக்கு 5.34 லட்சம்.

இதைக் கட்ட வருமானம் தாங்குமா என்பதை வங்கி ஒரே எண்ணில் பார்க்கிறது. கடன் அடைப்புத் திறன் விகிதம் என்று அதற்குப் பெயர். வங்கியில் சுருக்கமாக டி.எஸ்.சி.ஆர். என்பார்கள்.

கணக்கு எளிது. வரி போக நிகர லாபத்தோடு தேய்மானத்தையும் இந்தக் கடனின் வட்டியையும் கூட்ட வேண்டும். தேய்மானம் ஏட்டில் மட்டும் எழுதும் செலவு, பணமாகக் கையை விட்டுப் போவதில்லை. வட்டியைக் கூட்டக் காரணம், அது தவணைக்குள்ளேயே இருக்கிறது. வரும் தொகையை ஓராண்டுத் தவணையால் வகுத்தால் விகிதம் கிடைத்துவிடும்.

கடன் வாங்கிய முதல் ஆண்டில் இந்த யூனிட்டின் லாபம் 3.20 லட்சம், தேய்மானம் 2.60 லட்சம், வட்டி 2.23 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 8.03 லட்சம். 5.34-ஆல் வகுத்தால் 1.50. வங்கிக்கு வங்கி வரம்பு மாறும் என்றாலும், 1.5 பொதுவாக நல்ல எண்தான்.

ஆனால், தனி உரிமையாளர் தொழிலில் லாபத்திலிருந்துதான் வீடும் நடக்கிறது. மளிகை, வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் என மாதம் 20,000 ரூபாய் எடுத்தால் ஆண்டுக்கு 2.40 லட்சம். லாப நட்டக் கணக்கில் இது செலவாக வராது. அதைக் கழித்தால் மிஞ்சுவது 5.63 லட்சம், விகிதம் 1.05-க்கு இறங்கிவிடுகிறது. அதாவது, எல்லாம் கட்டிய பிறகு ஆண்டு முழுவதற்கும் கையில் நிற்பது சுமார் 29,000 ரூபாய். ஒரு மாதத் தவணைக்குக்கூட அது காணாது. ஒரு பில் தொகை இரண்டு மாதம் தள்ளிப்போனாலே தவணை தவறும். தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால், கடன் வாராக்கடன் பட்டியலுக்குப் போய்விடும்.

இதே கடனை ஏழு ஆண்டுக்குக் கேட்டால் மாதத் தவணை 35,305 ரூபாயாகக் குறையும். வீட்டுச் செலவு போகவும் விகிதம் சுமார் 1.33 நிற்கும். மொத்தத்தில் ஏறக்குறைய 3 லட்சம் ரூபாய் கூடுதல் வட்டி போகும் என்பது உண்மை. அதைத் தவிர்க்க நினைப்பவர் மெஷின்களில் ஒரு பகுதியை மட்டும் முதலில் வாங்கலாம்; அப்போது வருமானமும் குறையும் என்பதால் கணக்கை மறுபடி போட வேண்டும்.

ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஆடிட்டர் காட்டும் விகிதம், இனி வரப்போகும் விற்பனையை நம்பிப் போட்டது. விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன் போன ஆண்டின் உண்மைக் கணக்கை எடுங்கள். வீட்டுச் செலவைக் கழியுங்கள், ஏற்கெனவே ஓடும் வண்டிக் கடன் தவணையையும் புதிய தவணையோடு சேர்த்து வகுத்துப் பாருங்கள். 1.25-க்குக் கீழே வந்தால், கடன் தொகையையோ தவணைக் காலத்தையோ மாற்றிக் கேளுங்கள்.