கசங்கிய பில்லை வலப்பக்கத்திலிருந்து படியுங்கள்

மளிகைக் கடை மெஷினிலிருந்து வரும் பில்லில் மை கிடையாது. அந்தக் காகிதத்தின் ஒரு பக்கத்தில் நிறமில்லாத சாயம் ஒன்றும், அமிலத் தன்மை கொண்ட இன்னொரு பொருளும் சேர்த்துப் பூசப்பட்டிருக்கும். சூடு பட்டால் இரண்டும் உருகிக் கலக்கும். கலந்த இடம் கறுக்கும். பிரிண்டரின் தலைப்பகுதியில் வரிசையாக இருக்கும் மிக நுண்ணிய சூடேற்றிகள் புள்ளி புள்ளியாகச் சுட்டுத்தான் எழுத்தை உண்டாக்குகின்றன.

இந்தக் கலப்பு எளிதில் குலையக்கூடியது. கையில் ஒட்டியிருக்கும் எண்ணெய், பிளாஸ்டிக் கவர் வளைந்து கொடுப்பதற்காக அதில் சேர்த்திருக்கும் எண்ணெய்ப் பொருள், செல்லோடேப்பின் பசை, நீண்ட நாள் வெளிச்சம் எல்லாமே அந்தச் சாயத்தை மறுபடியும் நிறமில்லாததாக மாற்றிவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்த பில், சும்மா நோட்டுக்குள் செருகி வைத்ததைவிடச் சீக்கிரம் மங்கிப்போவது இதனால்தான். சூடு இதற்கு நேர்மாறாக வேலை செய்யும். வெயிலில் நின்ற காரின் டேஷ்போர்டில் கிடந்த பில் மொத்தமாகச் சாம்பல் பூத்து, எழுத்துக்கும் தாளுக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும். கசங்கல் போக இஸ்திரி போட்டால் தாள் முழுதும் கறுத்துவிடும். லேமினேஷனும் அப்படியே.

ஆகவே கசங்கிய பில்லை எடுத்தவுடன் செய்ய வேண்டியது அதை நோகாமல் விரிப்பது மட்டும்தான். தண்ணீர் தெளிக்க வேண்டாம், நகத்தால் அழுத்தித் தேய்க்க வேண்டாம். நகம் உரசும் சூடே பூச்சுள்ள பக்கத்தில் சாம்பல் கோடு போடும். (எந்தப் பக்கம் பூச்சு என்று தெரியாவிட்டால் ஓரத்தில் நகத்தால் ஒரு கீறல் போட்டுப் பாருங்கள், கோடு விழும் பக்கம்தான் அது.) எழுத்துள்ள பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, மேலும் கீழும் வெள்ளைத்தாள் வைத்து, கனமான புத்தகத்துக்கு அடியில் ஓர் இரவு விட்டால் போதும்.

அடுத்தது படம் எடுப்பது. ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும். ஸ்கேன் ஆப்களில் வரும் கறுப்பு-வெள்ளை முறையைத் தொடவே கூடாது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் கறுப்பாக இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அது வெள்ளையாக்கிவிடும். மங்கிய எழுத்து அதில்தான் போய்விடும். கலரிலேயே எடுங்கள். மங்கிய எழுத்து பெரும்பாலும் வெளிறிய பழுப்பாக இருக்கும், பழுப்பு நீல ஒளியை அதிகம் உறிஞ்சும். அதனால் படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அடுக்காகப் பிரித்தால் நீல அடுக்கில் எழுத்து அடர்த்தியாகத் தெரிய வாய்ப்பு அதிகம். கம்ப்யூட்டரில் இலவசமாகக் கிடைக்கும் `GIMP` மென்பொருளில் `Colors → Components → Decompose` என்று போனால் இந்த அடுக்குகள் தனித்தனியாகக் கிடைக்கும். எதில் எழுத்து நன்றாகத் தெரிகிறதோ அதை எடுத்து, `Levels` மூலம் கறுப்பைக் கூட்டிக்கொள்ளலாம்.

இவ்வளவு செய்தும் பாதி எழுத்து வரவில்லை என்றால் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். அது தவறு. பில் என்பது தனித்தனி எழுத்துகளின் குவியல் அல்ல. அதற்கு ஒரு கட்டம் உண்டு, கட்டத்துக்குள் ஒரு கணக்கு உண்டு. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் கண்ணுக்குத் தெரியாத இலக்கத்தைக்கூட உறுதியாகச் சொல்லிவிடலாம்.

முதலில் கட்டத்தைப் பார்ப்போம். கடைகளில் புழங்குவது பெரும்பாலும் 2 இன்ச் ரோல், 3 இன்ச் ரோல் என்று சொல்லப்படும் இரண்டு அகலங்கள்தான். சரியாகச் சொன்னால் 58 மில்லிமீட்டரும் 80 மில்லிமீட்டரும். வழக்கமான பிரிண்டர் ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி வைக்கிறது. அதன் வழக்கமான எழுத்து 12 புள்ளி அகலம், அதாவது ஒன்றரை மில்லிமீட்டர். ‘1’ ஒல்லி, ‘8’ குண்டு என்ற பேதமே கிடையாது. எல்லா இலக்கமும் ஒரே அகல இடத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். சின்ன ரோலில் வரிக்கு 32 எழுத்து, பெரிய ரோலில் 48. தொகைகள் வலப்பக்கம் ஒட்டி நிற்பதால் எல்லா வரியிலும் பைசாப் புள்ளி ஒன்றன்கீழ் ஒன்றாகவே விழும். புள்ளி அழிந்துபோய் 4200 என்று தெரிகிற தொகை நாற்பத்திரண்டு ரூபாயா, நாலாயிரத்து இருநூறா என்ற சந்தேகம் இங்கே தீர்ந்துவிடும்: மேல்வரியின் புள்ளிக்கு நேர் கீழே ஸ்கேலை வைத்தால், புள்ளி இருந்த இடம் காலியாக அங்கே காத்திருக்கும்.

பில்லில் நெடுக ஒரு வெள்ளைக் கோடு ஓடினால் அது மடிப்பா, பிரிண்டர் கோளாறா என்று பாருங்கள். மடிப்பில் பூச்சு உதிர்ந்த கோடு கோணலாக இருக்கும். சூடேற்றிகளில் ஒன்று செத்திருந்தால் கடைப் பெயரிலிருந்து கடைசி வரி வரை நூல் பிடித்தாற்போல் நேர்க்கோடு ஓடும், எல்லா வரியிலும் ஒரே இடத்து எழுத்தை அது பாதிக்கும். அந்த இடத்தில் ‘3’ போலத் தெரிவது இடப்பக்கம் வெட்டுப்பட்ட ‘8’ ஆக இருக்கலாம்.

கசங்கலில் வரும் பெரிய தொல்லை வேறொன்று. தாள் குறுக்காகச் சுருங்கியிருந்தால் வலப்பாதி அரை வரி இறங்கிவிடும். கண்ணால் படிப்பவரும் சரி, எழுத்தைப் படித்துத் தரும் மொபைல் ஆப்பும் சரி, பருப்பின் பெயரை எடுத்துப் புளியின் விலையோடு சேர்த்துவிடுவார்கள். அடுத்தடுத்த இரண்டு வரிகளில் அளவையும் விலையையும் பெருக்கினால் தொகை வரவில்லை என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த வழுக்கலைத்தான். ஒரு வரி மாற்றிப் பெருக்கிப் பாருங்கள், இரண்டும் ஒரேயடியாகச் சரியாகிவிடும்.

இனி கணக்கு. ஒரு பில்லை எடுத்துக்கொள்வோம். பொருளின் பெயர், அளவு, விலை, தொகை என்று நான்கு பத்திகள். கேள்விக்குறி உள்ள இடமெல்லாம் படிக்க முடியாதவை. மொத்தத்தில் கடைசி இலக்கம் 3 ஆகவும் தெரிகிறது, 8 ஆகவும் தெரிகிறது.

```
பொன்னி அரிசி     5.000    62.00    310.00
துவரம்பருப்பு     1.000   1?8.00    138.00
புளி             0.2?0   180.00     ?5.00
குளியல் சோப்பு   ?        3?.00    114.00
நல்லெ...         ?       ???.??    ???.??
மொத்தம்         11.250            100?.00
```

பெயர்களை விட்டுவிட்டு வலப்பக்கத் தொகையிலிருந்து தொடங்குங்கள். முதல் வரி சரி: ஐந்து அறுபத்திரண்டு முந்நூற்றுப் பத்து. இரண்டாவதில் அளவு ஒரு கிலோ, ஆகவே விலையும் தொகையும் ஒன்றுதான், 138. புளி சுவாரசியமானது. அளவின் நடு இலக்கமும் தொகையின் முதல் இலக்கமும் போய்விட்டன. 0.200 கிலோ என்றால் 36 ரூபாய், 0.210 என்றால் 37.80 என்று வரிசையாகப் போட்டுப் பாருங்கள், 0.290 வரைக்கும் பத்து வாய்ப்புகள்தான். ‘5.00’ என்று முடிவது அவற்றில் ஒன்றே ஒன்று: 0.250 கிலோ, 45 ரூபாய். இரண்டு இலக்கம் தொலைந்தும் விடை ஒன்றாகவே நிற்கிறது.

சோப்பு எண்ணிக்கையில் வருவது, அரைச் சோப்பு கிடையாது. முப்பதிலிருந்து முப்பத்தொன்பது வரையுள்ள முழு எண்களில் 114ஐ மீதியில்லாமல் வகுப்பது 38 மட்டுமே. ஆகவே மூன்று சோப்பு. நிறுத்துப் போட்ட பொருளுக்கு மூன்று தசம இடமும் எண்ணிக் கொடுத்ததற்கு வெறும் எண்ணும் அச்சிடுவது பல கடைகளின் பழக்கம். பெயர் அழிந்திருந்தாலும் அது பருப்பு வகையா பாக்கெட்டா என்பதை அளவுப் பத்தியே சொல்லிவிடும்.

மிச்சம் நல்லெண்ணெய். மடிப்பு அதன்மேலேயே விழுந்திருக்கிறது. கீழே உள்ள 11.250ஐப் பாருங்கள். கிலோவையும் எண்ணிக்கையையும் சேர்த்துக் கூட்டியதில் பொருளே இல்லை, ஆனால் பில் மென்பொருள் அப்படித்தான் கூட்டுகிறது, நமக்கு அது பெரிய உதவி. தெரிந்த நான்கின் கூட்டல் 9.250, மீதி 2. ஆக இரண்டு பாட்டில். தொகை என்ன? மற்ற நான்கும் சேர்ந்து 607. மொத்தம் 1003 என்றால் எண்ணெய் 396, பாட்டில் 198 ரூபாய். 1008 என்றால் 401, பாட்டில் 200.50. இரண்டும் நடக்கக்கூடியதுதான். இங்கே நின்றுவிட வேண்டும். 198தான் அழகாக இருக்கிறது என்று எழுதிவிடக் கூடாது.

இன்னொரு சாட்சி வேண்டும். அது பில்லின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கிறது, ஜிஎஸ்டி பட்டியல். நிறுத்துப் போட்ட அரிசி, பருப்பு, புளிக்கு வரி இல்லை. எண்ணெய்க்கு 5 சதவீதம். சோப்புக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். இந்தப் பில்லில் 5 சதவீத வரியில் வரிக்கு முந்தைய மதிப்பு 485.71 என்று தெரிகிறது. அதோடு 5 சதவீதத்தைச் சேர்த்தால் 510. சோப்பின் 114 போக எண்ணெய் 396. மொத்தம் 1003. பணத்தை மொபைலில் கட்டியிருந்தால் வங்கிக் குறுஞ்செய்தியிலும் அதே 1003 இருக்கும். பில்லுக்கு வெளியே உள்ள சாட்சி என்பதால் அதற்குத் தனி மதிப்பு.

தள்ளுபடி வரியும் ரவுண்ட் ஆஃப் வரியும் இருக்கிறதா என்று கூட்டலுக்கு முன்பே தேடிவிடுங்கள். கூட்டல் சில பைசா இடித்தால் ரவுண்ட் ஆஃப், முழு ரூபாய்களாக இடித்தால் தள்ளுபடி என்பது பொதுவாகச் சரியாக இருக்கும். சில பில்களில் எம்ஆர்பி ஒரு பத்தி, கடை விலை ஒரு பத்தி என்று இரண்டு விலை இருக்கும்; எதைப் பெருக்கினால் தொகை வருகிறதோ அதுவே நாம் எழுத வேண்டிய விலை.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு வரி முழுதாகப் போனால் கழித்துக் கண்டுபிடிக்கலாம். ஒரே வரி விகிதத்தில் இரண்டு வரிகள் போய்விட்டால், இரண்டும் சேர்ந்து எவ்வளவு என்பது மட்டுமே கிடைக்கும். அதைப் பங்கு போட்டு எழுதினால் அது பொய்க் கணக்கு. சங்கக் கணக்கோ விடுதிக் கணக்கோ எழுதுபவர்கள் இதில் கறாராக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. கண்ணால் படித்த எண்ணைச் சாதாரணமாகவும், கணக்கால் வந்த எண்ணைப் பக்கத்தில் ஓர் அடையாளம் போட்டும் எழுதுங்கள். தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள். பிறகு தணிக்கை செய்பவருக்கு எதை நம்பலாம், எதைக் கேட்க வேண்டும் என்பது தெரியும்.

அப்படிக் காலியாக நிற்கும் வரிகளுக்காக, பில்லின் தலைப்பகுதியில் மூன்றை மட்டும் எப்படியாவது படித்து வையுங்கள்: பில் எண், தேதி, கவுண்டர் எண். கம்ப்யூட்டர் பில் போடும் கடைகளில் இவற்றைச் சொன்னால் பழைய பில்லைத் தேடி எடுத்து டூப்ளிகேட் போட்டுத் தர முடியும். பில் எண் மங்கியிருந்தாலும் தேதியும் மொத்தத் தொகையும் தெரிந்தால் போதும், அன்றைய பட்டியலில் 1003 ரூபாய்க்கு அதிகம் பில் இருக்காது.