முந்நூறு ரூபாய்ப் புத்தகமும் முந்நூற்று ஆறு ரூபாய்ப் புத்தகமும்

புத்தகத்துக்கு விலை வைக்கப் பதிப்பாளர்கள் கையாளும் குறுக்குவழிகள் இரண்டு. பக்கத்துக்கு இவ்வளவு என்று பெருக்குவது ஒன்று. அச்சுக்கூலியை மூன்றாலோ நான்காலோ பெருக்குவது மற்றொன்று. இரண்டும் வசதியானவைதான். ஆனால் இரண்டிலும் புத்தகத்தை வாங்கப்போகிறவர் கணக்குக்குள் வருவதே இல்லை. விலை ஏறினால் எத்தனை பேர் விலகிப்போவார்கள் என்பதைக் கேட்காமல் விலை வைத்துவிடுகிறோம். அதைக் கேட்டால் கணக்கு எப்படி மாறுகிறது என்பதை ஒரு புத்தகத்தை வைத்துப் பார்க்கலாம். எண்கள் கற்பனைதான், கணக்குச் சுலபமாக வர வேண்டும் என்று எடுத்துக்கொண்டவை.

பிரிண்ட் ஆன் டிமாண்ட் முறையில் அச்சாகும் ஒரு நாவல். ஆர்டர் வர வர அச்சடிப்பதால் பத்தாவது பிரதிக்கும் ஐந்நூறாவது பிரதிக்கும் செலவு ஒன்றே: அச்சுக்கு 80 ரூபாய், பொட்டலம் கட்டி அனுப்ப 20 ரூபாய். இன்னும் ஒரு பிரதி விற்றால் இன்னும் ஒரு நூறு ரூபாய் செலவு, அவ்வளவுதான். பொருளியலில் இதற்கு இறுதிநிலைச் செலவு என்று பெயர். பதிப்பாளர் கடைகளுக்குக் கழிவு கொடுக்காமல் நேரடியாக விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விலை 200 ரூபாயாக இருந்தால் ஆண்டுக்கு 600 பிரதியும், 300 ரூபாயாக இருந்தால் 400 பிரதியும் போகின்றன.

இந்த இரண்டு புள்ளிகளையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால் அதுதான் தேவைக் கோடு. விலை ஒரு ரூபாய் ஏறும்போது இரண்டு பிரதி குறைகிறது. கோட்டை மேல்நோக்கி நீட்டினால் 500 ரூபாயில் விற்பனை பூஜ்யத்தைத் தொடுகிறது. இனி ஒவ்வொரு விலையிலும் லாபத்தைப் போட்டுப் பார்க்கலாம். 200 ரூபாய்க்கு விற்றால் பிரதிக்கு நூறு வீதம் 600 பிரதிக்கு 60,000 ரூபாய். 250 என்றால் 500 பிரதி, லாபம் 75,000. 300 என்றால் 400 பிரதி, லாபம் 80,000. அதற்கு மேல் போனால் இறங்குமுகம்: 350-இல் மறுபடி 75,000, 400-இல் மறுபடி 60,000.

உச்சம் 300-இல் இருப்பது தற்செயல் இல்லை. வாங்குவோர் ஒருவருமே இல்லாமல் போகும் விலை 500. ஒரு பிரதிக்கு ஆகும் செலவு 100. இரண்டுக்கும் சரிநடுவே 300 இருக்கிறது. தேவை நேர்கோடாகவும் பிரதிச் செலவு மாறாமலும் இருந்தால், தனக்குப் போட்டியே இல்லாத விற்பனையாளருக்கு உகந்த விலை எப்போதும் இந்த நடுப்புள்ளிதான். குறிப்பிட்ட ஒரு நாவலுக்குப் பதிப்பாளர் ஒருவரே என்பதால் இந்தக் கணக்கு புத்தகத்துக்கு நன்றாகவே பொருந்தும்.

ஏன் நடுப்புள்ளி? 400-ஆவது பிரதியோடு நிறுத்திக்கொள்வதா, 401-ஆவதையும் விற்பதா என்று பதிப்பாளர் யோசிப்பதாக வைத்துக்கொள்வோம். இன்னும் ஒருவர் வாங்க வேண்டுமென்றால் விலையை 50 காசு குறைக்க வேண்டும். அந்தப் புதிய வாசகரிடமிருந்து 299 ரூபாய் 50 காசு வரும். ஆனால் ஏற்கெனவே 300 கொடுத்து வாங்கத் தயாராயிருந்த 400 பேரிடமும் ஆளுக்கு 50 காசு போய்விடும்; அது 200 ரூபாய். கைக்கு வந்தது 99 ரூபாய் 50 காசு. அச்சடித்து அனுப்ப ஆவதோ 100. ஐம்பது காசு நஷ்டத்துக்கு 401-ஆவது பிரதி எதற்கு? இதே கணக்கை 399-இலிருந்து 400-க்குப் போட்டால் 100 ரூபாய் 50 காசு கிடைக்கிறது, அது லாபம். ஆக 400-இல் நிற்க வேண்டும். புதிய வாசகர் தரும் பணத்தைவிடப் பழைய வாசகர்களிடம் விட்டுக்கொடுக்கும் தொகையில்தான் இந்தக் கணக்கின் சூட்சுமம் இருக்கிறது.

இதை முதன்முதலில் முறையாகக் கணக்கிட்டவர் அந்துவான் குர்னோ என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர். 1838-இல் வந்த அவருடைய நூலில் ஒரு கனிமநீர் ஊற்றுக்குச் சொந்தக்காரர் வருகிறார். தண்ணீர் தானாக ஊறுவதால் அவருக்குச் செலவே கிடையாது. வருமானம் உச்சத்தைத் தொடும் விலையைக் கண்டுபிடித்தால் போதும். உற்பத்திச் செலவு உள்ள சரக்கைக் குர்னோ அதற்குப் பிறகு எடுத்துக்கொள்கிறார். தேவை நேர்கோடாக இருக்க வேண்டும் என்று அவர் கேட்கவும் இல்லை. நேர்கோடு பின்னால் பாடப்புத்தகங்கள் செய்துகொண்ட சௌகரியம். சரியான விலையைக் காணும் வழி சொன்ன அந்தப் புத்தகம் பல்லாண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தது. 1863-இல் அவரே சமன்பாடுகளை நீக்கிவிட்டு இன்னொரு நூல் எழுதிப் பார்க்க வேண்டியிருந்தது.

நம் நாவலுக்கு வருவோம். அச்சுக்கோப்பு, மெய்ப்பு, அட்டை ஓவியம் என்று தொடக்கத்திலேயே 30,000 ரூபாய் செலவாகியிருக்கலாம். அதை எடுக்க வேண்டுமே என்று விலையை 340 ஆக்குவது இயல்பாகத் தோன்றும். அப்படிச் செய்தால் விற்பனை 320 பிரதி, வரும் தொகை 76,800. முந்நூறிலேயே விட்டிருந்தால் 80,000 வந்திருக்கும். ஓவியருக்குக் கொடுத்த பணம் எந்த விலையிலும் அதேதான். ஆகவே எந்த விலை சிறந்தது என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது. புத்தகத்தைப் போடுவதா வேண்டாமா என்பதை மட்டும் அது தீர்மானிக்கும். ஓவியரும் மெய்ப்பரும் சேர்ந்து 90,000 கேட்டால், இந்தப் புத்தகத்தைப் போடாமல் இருப்பதே உத்தமம்.

காகித விலை ஏறினால் கதை வேறு. பிரதிச் செலவு 100-இலிருந்து 120 ஆனால் நடுப்புள்ளி 310-க்கு நகரும். இருபது ரூபாய் ஏற்றத்தில் பத்து வாசகர் தலையில், பத்து பதிப்பாளர் தலையில். நேர்கோட்டுத் தேவையில் இந்தச் சரிபாதிப் பங்கீடு தவறாமல் வரும். அச்சுக்கூலியை மூன்றால் பெருக்கும் பழக்கம் உள்ளவரோ இதே இருபது ரூபாய்க்கு விலையை அறுபது ரூபாய் ஏற்றிவிடுவார்.

பழைய ஆஃப்செட் முறையில் ஆயிரம் பிரதியை ஒரே மூச்சில் அடித்துக் கிடங்கில் அடுக்கியாகிவிட்டது என்றால் அச்சுக்கூலியும் ஓவியரின் பணத்தைப் போலப் போன பணம்தான். இனி ஒரு பிரதிக்கு ஆகும் செலவு பொட்டலக் கூலி 20 மட்டுமே. 500-க்கும் 20-க்கும் நடுவே இருப்பது 260. ஒரே நாவல், அதே வாசகர்கள், ஆனாலும் உகந்த விலை நாற்பது ரூபாய் இறங்கிவிடுகிறது. கிடங்கில் இருக்கும் புத்தகத்தை ‘அடக்கவிலைக்குக் கீழே கொடுக்க முடியாது’ என்று பிடித்துவைத்திருப்பவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

இவ்வளவும் அந்தத் தேவைக் கோட்டை நம்பித்தான் நிற்கிறது. கோடு எங்கிருந்து வந்தது? இரண்டு விற்பனை எண்களிலிருந்து. முதல் ஆண்டில் 200 ரூபாய்க்கு 600 பிரதி, இரண்டாம் ஆண்டில் 300 ரூபாய்க்கு 400 பிரதி என்று கிடைத்திருந்தால் அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. புது நாவலின் பரபரப்பு இரண்டாம் ஆண்டில் எப்படியும் அடங்கியிருக்கும். குறைந்த 200 பிரதியில் நூறு அதனால் குறைந்தது, விலையால் குறைந்தது மீதி நூறுதான் என்றால், ஒரு ரூபாய் ஏற்றத்துக்கு விலகுவது இருவர் அல்ல, ஒருவர்தான். 300 ரூபாய்க்கு 400 பிரதி என்ற புள்ளியை வைத்துக் கோட்டை மறுபடி வரைந்தால் அது 700 ரூபாயில் பூஜ்யத்தைத் தொடும். நடுப்புள்ளி 400. அந்த விலையில் 300 பிரதி விற்று 90,000 கிடைத்திருக்கும். நாமோ முந்நூறில் 80,000 போதும் என்று உட்கார்ந்திருக்கிறோம்.

தவறைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. மற்ற எதுவும் மாறாத காலத்தில் விலையைப் பத்து சதவீதம் ஏற்றிப் பாருங்கள். விற்பனை ஒன்பது சதவீதத்துக்கும் குறைவாகவே சரிந்தால் பழைய விலை குறைவு என்பது உறுதி. மொத்த வசூலும் கூடியது, அடிக்க வேண்டிய பிரதியும் குறைந்தது. இதில் நஷ்டத்துக்கு இடமே இல்லை. இந்தச் சோதனைக்குக் கோட்டின் இரு முனைகளும் எங்கே என்று தெரிய வேண்டியதில்லை. அது நல்லதுதான், ஏனென்றால் 500 ரூபாயில் உண்மையிலேயே ஒருவரும் வாங்கமாட்டார்களா என்பதை யாரும் விற்றுப் பார்த்ததில்லை.

தவறினால் எவ்வளவு போகும் என்பதும் ஆறுதல் தரும் சங்கதி. உச்சத்தை ஒட்டிய பகுதி தட்டையானது. விலையை 20 ரூபாய் பிசகாக வைத்தால் 80,000-இல் போவது 800 ரூபாய்தான். நூறு ரூபாய் பிசகினால் 20,000 போய்விடும். பிசகு ஐந்து மடங்கானால் இழப்பு இருபத்தைந்து மடங்காகிறது. சென்னைப் புத்தகக் காட்சியில் பத்து சதவீதக் கழிவு கொடுத்து 270-க்கு விற்றாலும், தேவைக் கோடு அங்கேயும் இதேதான் என்றால், ஆண்டு முழுக்க அப்படி விற்றால்கூட லாபம் 78,200. பத்து ரூபாய்க்காக மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, நூறு ரூபாய்ப் பிசகு இல்லாமல் பார்த்துக்கொள்வது மேல்.

இதுவரை எழுத்தாளரைக் கணக்கில் சேர்க்கவில்லை. அவருக்கு அச்சிட்ட விலையில் பத்து சதவீதம் ராயல்டி என்று ஒப்பந்தம் போடுவோம். எழுத்தாளரின் வருமானம் மொத்த வசூலில் ஒரு பங்கு; அச்சுக்கூலி அவர் பையிலிருந்து போவதில்லை. குர்னோவின் ஊற்றுக்காரர் நிலைதான் அவருக்கும். 500-க்கும் பூஜ்யத்துக்கும் நடுவே, அதாவது 250 ரூபாய்க்குப் புத்தகம் விற்றால் வசூல் 1,25,000, ராயல்டி 12,500. அவருக்கு அதுதான் உச்சம். பதிப்பாளருக்கோ ஒவ்வொரு ரூபாயிலும் 90 காசுதான் கையில் நிற்கிறது. 100 ரூபாய்ச் செலவை அந்தத் தொண்ணூறு காசு ரூபாயில் எடுக்க வேண்டியிருப்பதால், அவர் கண்ணுக்கு அது ஏறத்தாழ 111 ரூபாய்ச் செலவு. அவருடைய நடுப்புள்ளி 306-க்கு ஏறுகிறது. விலையைக் குறைக்கச் சொல்லும் எழுத்தாளரும் முடியாது என்னும் பதிப்பாளரும் சண்டை போட்டுக்கொண்டால், இருவர் கணக்கும் சரியாகவே இருக்கக்கூடும்.

அச்சிட்ட விலையில் பங்கு என்பதை விட்டுவிட்டு, பிரதிச் செலவு போக மிஞ்சுவதில் 15 சதவீதம் என்று ஒப்பந்தம் எழுதினால் இந்த இழுபறி மறைந்துவிடும். இருவருக்கும் உகந்த விலை 300 ஆகிவிடும். எழுத்தாளருக்கு 12,000, பதிப்பாளருக்கு 68,000. 306-இல் எழுத்தாளருக்குக் கிடைத்திருப்பது ஏறத்தாழ 11,870. பதிப்பாளர் இழப்பது ஐம்பத்துச் சொச்சம் ரூபாய். ஆனாலும் நான் எழுத்தாளராக இருந்தால் இதற்கு உடனே தலையாட்டமாட்டேன். அட்டையில் அச்சிட்ட விலையை எவரும் பார்க்கலாம். பிரதிக்கு எண்பது ரூபாயா அறுபது ரூபாயா என்று சொல்லும் அச்சக பில் பதிப்பாளரின் மேசை அறைக்குள் இருக்கிறது.