முன்னறிவுக்கு எவ்வளவு எடை?

ஒரு கிலோ தழைச்சத்து கூடினால் நெல் எத்தனை கிலோ கூடும்? சில வயல்களின் தரவில் நேர்கோட்டுச் சாய்வு 24, திட்டப்பிழை 4 என வைத்துக்கொள்வோம். 95 சதவீத நம்பிக்கை இடைவெளி ஏறக்குறைய 16 முதல் 32 வரை. உண்மை இதற்குள் இருக்க 95 சதவீத வாய்ப்பு என்று இதைப் படிப்பது தவறு. ஆய்வைத் திரும்பத் திரும்பச் செய்தால், இப்படிக் கிடைக்கும் இடைவெளிகளில் 95 சதவீதம் உண்மையைப் பிடிக்கும் என்பதே பொருள்.

பேய்சிய முறை முன்னறிவையும் சேர்க்கிறது. பழைய அனுபவம் 16 என்கிறது, அதன் திட்டவிலக்கமும் 4. இரண்டுக்கும் சம எடை, மதிப்பீடு 20. இடைவெளி 14 முதல் 26. மாதிரியையும் முன்னறிவையும் ஏற்றால், இதற்குள் உண்மை இருக்க 95 சதவீத வாய்ப்பு என்று தாராளமாகச் சொல்லலாம்.

முன்னறிவின் விலக்கத்தை 1 ஆக்கினால் விடை 16.5, தரவின் குரலே அமுங்கிவிடும். ஆகவே முன்னறிவை மாற்றி மாற்றிப் பாருங்கள். விடை பெரிதாக ஆடினால் தரவு போதவில்லை.