ஒரே டேங்க், இரண்டு கணக்கு

அலுவலகம் கொடுத்த பெட்ரோல் கார்டின் ஸ்டேட்மென்ட் வந்ததும் பலர் பேனாவும் கையுமாக உட்காருவார்கள். ஞாயிற்றுக்கிழமை போட்ட பெட்ரோலுக்கு எதிரே ‘சொந்தம்’, மற்றதற்கெல்லாம் ‘அலுவல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். பார்க்க நேர்மையாகத்தான் இருக்கும். ஆனால் கணக்கு தப்பு. ஞாயிறு இரவு நிரப்பிய பெட்ரோல் திங்கள் காலை வாடிக்கையாளரைப் பார்க்கப் போகும்போது எரிந்திருக்கும். வெள்ளிக்கிழமை போட்டதில் மிச்சமிருந்தது குடும்பத்தோடு பழனிக்குப் போய் வந்திருக்கும். எங்கே, எப்போது, எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்பதுதான் ஸ்டேட்மென்டில் இருக்கும். யாருக்காக எரிந்தது என்பதை வண்டியின் மீட்டரைத்தான் கேட்க வேண்டும்.

ஆகவே முதலில் கிலோமீட்டரைப் பிரிக்க வேண்டும். ரூபாய் அதன்பின் தானாகப் பிரியும்.

கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு விற்பனைப் பிரதிநிதியை எடுத்துக்கொள்வோம். சொந்தக் கார், பெட்ரோலுக்கு கம்பெனி கார்டு. ஸ்டேட்மென்ட் ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதியோடு முடிகிறது. அன்று மாலை டேங்க்கை நிரப்பி, மீட்டர் ரீடிங்கைக் குறித்துக்கொள்கிறார்: 42,310. அடுத்த 15-ஆம் தேதி மறுபடி நிரப்பும்போது 43,810. ஓடியது 1,500 கிலோமீட்டர். இரண்டு முனையிலும் டேங்க் நிரம்பியிருப்பதால், இடையில் போட்டதும் கடைசியாக நிரப்பியதும் சேர்ந்து அந்த மாதம் எரிந்த பெட்ரோல் ஆகிறது. 100 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க, லிட்டர் 100 ரூபாய். மொத்தம் 10,000 ரூபாய்.

திருப்பூர், ஈரோடு, சேலம் என்று வேலையாகப் போனதை லாக் புக்கில் எழுதியிருக்கிறார். கூட்டினால் 1,140 கிலோமீட்டர். மிச்சம் 360 கிலோமீட்டர் சொந்த ஓட்டம். பழனிப் பயணமே அதில் பாதிக்கு மேல். 1,500-இல் 360 என்றால் நூற்றுக்கு 24. அவர் கம்பெனிக்குத் திருப்பித் தர வேண்டியது 2,400 ரூபாய்.

இந்த முறையில் ஒரு கடுமை உண்டு. எழுத மறந்த அலுவல் பயணம் தானாகச் சொந்தக் கணக்கில் விழுந்துவிடும். அதனால் மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதுவது பைக்கு நல்லதல்ல. அன்றன்றைக்குத் தேதி, போன இடம், புறப்பட்டபோதும் திரும்பியபோதும் இருந்த ரீடிங், இவ்வளவு எழுதினால் போதும்.

கூட்டி எழுதினாலும் மாட்டிக்கொள்வது எளிது. சேலம் போனதாக எழுதியிருக்கும் நாளில் ஃபாஸ்டேக் கணக்கில் விஜயமங்கலம் சுங்கச்சாவடி இல்லையென்றால் அக்கவுண்ட்ஸ் பிரிவு கூப்பிட்டுக் கேட்கும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்த கார் திடீரென்று 11 கொடுத்தாலும் கேட்கும். வேறு வண்டிக்கும் அந்தக் கார்டில் பெட்ரோல் போனதா என்பதுதான் முதல் சந்தேகம். காரின் டேங்க் கொள்ளளவைத் தாண்டி ஒரே பில்லில் லிட்டர் இருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை.

வீட்டிலிருந்து அலுவலகம் போய்வருவது எந்தக் கணக்கு? இதில் கம்பெனிக்குக் கம்பெனி விதி மாறும். தினம் 20 கிலோமீட்டர் என்றாலே மாதத்துக்கு 500 கிலோமீட்டரை நெருங்கும். மேலே சொன்ன கணக்கையே புரட்டிப்போடும் அளவு இது. வாய்ச்சொல்லை நம்பாமல் மின்னஞ்சலில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கி கொடுத்த கார்ப்பரேட் கிரெடிட் கார்டாக இருந்தால், பெட்ரோல் தொகைக்கு மேல் சுமார் 1 சதவீதம் சர்சார்ஜும் அதற்கு ஜிஎஸ்டியும் தனி வரியாக வரும். பல கார்டுகளில் சர்சார்ஜ் திரும்ப வரும், அதன்மேல் போட்ட ஜிஎஸ்டி வராது. 10,000 ரூபாய்க்கு அது 18 ரூபாய். இதையும் 24 சதவீதமாக வெட்டிக்கொண்டு உட்காருவது, என்னைக் கேட்டால், வெட்டி வேலை. ஓட்டல் பில் அப்படியல்ல. அறை வாடகையோடு மனைவியின் சாப்பாடும் சேர்ந்து ஒரே தொகையாக வந்துவிட்டால் பின்னால் பிரிப்பது பெரும்பாடு. காலி செய்யும்போதே இரண்டு பில்லாகக் கேட்டு, சொந்தச் செலவைச் சொந்தக் கார்டில் கட்டிவிடுவதே சுலபம்.

சொந்தப் பங்கைத் திருப்பித் தராமல் விட்டால் அது கடனாகக்கூட நிற்காது, சலுகை வருமானமாகிவிடும். கம்பெனி கட்டிய கார்டு செலவை அலுவல் செலவு என்று காட்ட, தேதியும் செலவின் தன்மையும் எழுதிய விவரமும் முதலாளியின் சான்றும் வேண்டும் என்று 1962-ஆம் ஆண்டு வருமானவரி விதிகளே கேட்டன. ஊழியரிடமிருந்து பிடித்த தொகையைக் கழித்துக்கொள்ளவும் இடம் கொடுத்தன. அதனால் 2,400 ரூபாயைச் சம்பளத்தில் பிடிக்கச் சொன்னால், எந்தத் தேதியில் முடிந்த ஸ்டேட்மென்டுக்கான பிடித்தம் என்று சம்பளச் சீட்டில் தனி வரியாக வருகிறதா என்று பாருங்கள்.