சின்ன மொட்டை மாடிக்கு எந்த சோலார் பேனல்?

சென்னைப் பக்கம் ஒரு சின்ன வீடு. மாடியில் தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, படிக்கட்டு அறை போக வெயில் படும் இடம் பதினைந்தரை அடி நீளம், எட்டு அடி அகலம். இங்கே மோனோவா, பாலியா?

பாலி பேனலில் சிலிக்கான் பல படிகங்களாக உறைந்திருக்கும், நீல நிறம். மோனோவில் ஒரே படிகம், கறுப்பு. ஒற்றைப் படிகத்தில் மின்சாரம் தடையில்லாமல் ஓடுவதால் அதே பரப்பில் கூடுதல் வாட் கிடைக்கும்.

335 வாட் பாலி பேனல் சுமார் ஆறரை அடிக்கு மூன்றேகால் அடி. நம் இடத்தில் நான்குதான் அடங்கும். ஐந்தாவதுக்கு முக்கால் அடி போதாது. மொத்தம் 1,340 வாட். 540 வாட் மோனோ அளவில் பெரியது, ஏழரைக்கு மூன்றேமுக்கால். அதுவும் நான்கு அடங்கும், ஆனால் 2,160 வாட். நல்ல வெயில் நாளில் முன்னது ஐந்து யூனிட்டைச் சற்றே தாண்டும். பின்னது எட்டரையைத் தொடும். தாங்கியும் ஆள்கூலியும் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், பாலியில் மிச்சமாகும் பணம் இங்கே பெரிதல்ல. இடம் தாராளமாக இருந்தால் கணக்கு வேறு.

பாலி இப்போது பெரும்பாலும் பழைய சரக்கு. மலிவாகத் தந்தால் பின்புற லேபிளில் வாட்டையும் தயாரிப்புத் தேதியையும் பாருங்கள்.

தொட்டியின் நிழல் விழுந்தால் மோனோவும் படுத்துவிடும். காலை ஒன்பதுக்கும் மாலை மூன்றுக்கும் மாடியேறி, நிழல் விளிம்பைச் சாக்பீஸால் குறித்த பிறகே அளவெடுக்கச் சொல்லுங்கள். மார்கழியில் நிழல் இன்னும் நீளும்.